புரியாணிக் கிடாரமும் ‘ஆம்’ போட்ட தாளும்: கேட்டரிங் பிடிக்க முதல் படியுங்கோ

யாழ்ப்பாணத்தில் கலியாணம் வைக்க இருக்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். அக்காவின் மகளுக்குக் கோயிலில் கலியாணம் நடந்தது, அன்று சைவம். அடுத்த நாள் இரவு மண்டபத்தில் வரவேற்பு. மச்சச் சாப்பாடு, ஆட்டிறைச்சிப் புரியாணி. எட்டு மணிக்குப் பிறகுதான் சாப்பாடு தொடங்கியது. விடியப்புறமே போன் வரத் தொடங்கிவிட்டது. எல்லாருக்கும் வயிற்றுக்குத்து, வயிற்றாலை போகிறது. சத்தி, காய்ச்சல் என்று அநேகமாக ஒருவரும் சொல்லவில்லை. கனபேர் ஜீவனி குடித்து ஒரு நாளில் தேறினார்கள். பெரியம்மாவுக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்ற வேண்டி வந்தது.

கேட்டரிங்காரரிடம் போய்க் கேட்டோம். “அண்ணை, எங்களிட்டச் செக்லிஸ்ட் இருக்கு. எல்லாம் பாத்துத்தான் அனுப்பினனாங்கள்” என்று தாளையும் காட்டினார். கிடாரம் மூடியிருக்கிறதா, ஆம். சாப்பாடு சூடாக இருக்கிறதா, ஆம். மணம் மாறவில்லையா, ஆம். ஒரே பேனையால் ஒரே மூச்சில் போட்ட சரிகள். எத்தனை மணிக்கு இறக்கியது, எத்தனை பாகை சூடு என்று எழுத அந்தத் தாளில் இடமே இல்லை.

மணியைக் கேட்டது பிறகு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்தான். சமையல் பொடியன் உள்ளதைச் சொன்னான். காலை பதினொரு மணிக்குத் தம் போட்டு இறக்கியிருக்கிறார்கள். பின்னேரம் பட்டாவில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். எங்கள் தட்டில் விழும்போது ஒன்பது மணித்தியாலம் கடந்துவிட்டது. இடையில் ஒருவரும் வெப்பமானி வைத்துப் பார்க்கவில்லை.

இறைச்சியில் குளொஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சென்ஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் இருக்கலாம். அவை கொதியிலும் சாகாது. சமைத்த சூட்டில் முளைக்கத் தயாராகி, சோறு ஆறி வரும்போது பெருகும். காற்றில்லாத இடம்தான் அதற்கு வாய்ப்பு, பெரிய கிடாரத்தில் அமுங்கிய இறைச்சியும் சோறும் அப்படியான இடம். 43 முதல் 47 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அப்படியே போனால் ஒரேயொரு பற்றீரியா இரண்டு மணித்தியாலத்தில் நாலாயிரத்துக்கு மேலே பெருகிவிடும். கிடாரம் பெரிதென்றால் உள்ளே இருப்பது இந்தச் சூட்டைக் கடக்க மணிக்கணக்கு எடுக்கும். நடு இன்னும் நல்ல சூடாக இருக்கும்போதே மேற்பக்கமும் ஓரமும் இதற்குள் இறங்கியிருக்கும்.

எங்கள் உடம்புச் சூடு 37 பாகை. அதனால் 45 பாகைச் சோறு விரலுக்குச் சூடாகத்தான் தெரியும், மூடியைத் திறந்தால் மணமும் நன்றாக இருக்கும். ‘சூடாக இருக்கிறதா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ விழுவது ஆபத்து கூடிய அந்தச் சூட்டிலேயேதான். அந்தத் தாளில் எனக்கு ஆத்திரம் வருவது இதற்குத்தான்.

எங்கள் வீட்டில் சோறு மிஞ்சவில்லை, ஆய்வுக்கு அனுப்ப முடியவில்லை. ஆனபடியால் இந்தப் பற்றீரியாதான் என்று நிரூபிக்க வழியில்லை. சாப்பிட்டு எட்டுப் பத்து மணித்தியாலத்துக்குப் பிறகு, சத்தியும் காய்ச்சலும் இல்லாமல், குத்தும் வயிற்றோட்டமும் என்ற அடையாளம் அதோடு பொருந்துகிறது என்றுதான் பரிசோதகர் சொன்னார்.

இனி நீங்கள் முற்பணம் கொடுக்க முதல் அவர்களின் தாளை வாங்கிப் பாருங்கோ. ஒவ்வொரு கிடாரத்துக்கும் தனி வரி வேண்டும், அதில் அடுப்பால் இறக்கிய மணி முதலில் இருக்க வேண்டும். பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நீளக் குத்தூசி உள்ள வெப்பமானியை நடுவிலும் ஓரத்திலும் மேலேயும் விட்டுப் பார்த்த எண்கள். அதில் குறைந்த எண்தான் கணக்கு. அது 60 பாகைக்குக் கீழே போனால் என்ன செய்வார்கள் என்றும் எழுதியிருக்க வேண்டும். இறங்கிக் கொஞ்ச நேரம்தான் என்றால் தட்டையான தட்டுகளுக்கு மாற்றி, முழுக்க 75 பாகைக்குச் சூடாக்கலாம். எப்போது இறங்கியது என்றே தெரியாவிட்டால் கொட்டத்தான் வேண்டும்.

“திரும்பச் சூடாக்கித் தாறம்” என்று கிடாரத்துக்குக் கீழே தணல் போடுவார்கள், அதை நம்பாதேங்கோ. அடி பிடிக்கும், மேலே வெதுவெதுப்பாகவே இருக்கும். அதோடு, ஆறிய சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற இன்னொரு பற்றீரியா பெருகினால், சத்தி எடுக்க வைக்கும் அதன் நஞ்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் அழியாது.

இரவு எட்டு மணிச் சாப்பாட்டுக்குப் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு தம் போடச் சொல்லுங்கோ. மண்டபத்துப் பின்வளவில் அடுப்பு வைக்க ஏலுமென்றால் அங்கேயே சமைக்கட்டும். ஒரேயொரு பெரிய கிடாரத்தை விட, அரை மணித்தியால இடைவெளியில் இறக்கும் சின்னக் கிடாரங்கள் நல்லது. கூலி கொஞ்சம் கூடும்.

கடைசியாக, ஒவ்வொரு கிடாரத்திலும் ஒரு கோப்பை எடுத்து, கிடாரத்தின் இலக்கத்தை எழுதி, மூன்று நாளைக்குக் குளிர்சாதனப்பெட்டியில் வைக்க ஒத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கோ. எங்கள் ஆளிடம் அது இருந்திருந்தால், “உங்கட ஐஸ்கிறீமாலதான் வந்தது” என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிய மாட்டார்.