அம்மாவை யாரும் காதலிப்பதில்லை

வெளிநாட்டுப் படம் ஒன்றின் தமிழ் மொழிமாற்றத்தில், விமான நிலையத்தில் பிரியும் மகள், "அம்மா, நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆங்கிலத்தில் ஒரே சொல் எல்லா உறவுக்கும் போதும். தமிழில் ஆளைப் பார்த்துத்தான் சொல்லை எடுக்க வேண்டும்.

பழைய தமிழில் இது இவ்வளவு கறாராக இல்லை. சம்பந்தர் 'காதலாகிக் கசிந்து' என்று பாடியது சிவனை நினைத்து. 'காதலன்' என்ற சொல்லுக்கு மகன் என்றும் ஒரு பொருள் இருந்தது. இன்று அந்தச் சொல் காதலர்களுக்கே போய்விட்டது. 'இசைக் காதலர்' என்று ஆள் அல்லாததற்குச் சொன்னால் மட்டும் யாருக்கும் உறுத்துவதில்லை.

அப்படியானால் அந்த மகள் 'அன்பு' என்று சொல்லியிருக்கலாமா? அன்புக்கு உறவு தேவையில்லை. முன்பின் தெரியாதவருக்கும் 'அன்புடையீர்' என்று அழைப்பிதழ் அடிக்கிறோம். அப்பாவுக்கு எழுதினாலும் 'அன்புள்ள அப்பாவுக்கு'தான். இப்படி எல்லோருக்கும் பொருந்துவதாலேயே அதில் கொஞ்சம் எழுத்து வாடை உண்டு. "உங்கள் மேல் அன்பு வைத்திருக்கிறேன் அம்மா" என்றால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும்.

பாசம்தான் வீட்டுச் சொல். வடமொழியில் 'பாச' என்றால் கயிறு, சுருக்கு. எமன் கையில் இருப்பது பாசக்கயிறு. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்னும் மூன்றில் உயிரைக் கட்டிவைப்பது பாசம். அந்தக் கட்டு இன்றைய பேச்சிலும் தெரிகிறது. மகன் தப்பு செய்தும் விட்டுக்கொடுக்காத தாயைப் பற்றி "பாசம் கண்ணை மறைக்குது" என்கிறோம். அந்த இடத்தில் 'அன்பு' என்று போட்டுப் பாருங்கள், ஒட்டாது. உறவில்லாதவர் மீதும் பாசம் வரலாம்தான். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா பாசமாக இருக்கிறார் என்றால், அவர் ஏறக்குறைய சொந்தக்காரர் ஆகிவிட்டார் என்று அர்த்தம். கல்யாணமாகி முப்பது வருடம் ஆன தம்பதிக்கும் இந்தச் சொல் பொருந்தும். ஆனால் பெண்ணிடம் காதலைச் சொல்லப் போனவனிடம் அவள், "எனக்கும் உங்கள் மேல் பாசம் உண்டு" என்றால், அவன் வீட்டுக்குக் கிளம்பலாம்.

இலக்கணமும் ஒரு துப்பு தருகிறது. காதலிக்கிறேன், நேசிக்கிறேன் என்று வினை உண்டு. அன்பும் பாசமும் அப்படி வினையாவதில்லை. வைக்க வேண்டும், காட்ட வேண்டும், அல்லது அன்பாக, பாசமாக இருக்க வேண்டும்.

சரி, அந்த வசனத்துக்கு என்னதான் போடுவது? 'நேசிக்கிறேன்' தப்பில்லை, ஆனால் வாழ்த்து அட்டை வாசகம். 'பாசம்' பொருளில் சரி, ஆனாலும் எந்த மகளும் அம்மாவிடம் நேராக "உன் மேல் பாசமாக இருக்கிறேன்" என்பதில்லை. அது மூன்றாம் ஆளிடம் சொல்வது. நானாக இருந்தால் இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "போயிட்டு வரேம்மா, வேளைக்குச் சாப்பிடு" என்று எழுதியிருப்பேன்.