லொகேஷன்படி ஷெட்யூலா, கால்ஷீட்படி ஷெட்யூலா?

38 பக்க ஸ்கிரிப்ட், 10 நாள் படப்பிடிப்பு. இதற்கு ஷெட்யூல் போட்டபோது இரண்டு வழியிலும் எழுதிப் பார்த்துவிட்டு, கடைசியில் லொகேஷன் பக்கம் சாய்ந்தேன். இப்போதும் அந்தப் பக்கம்தான், அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைக்க வேண்டாம்.

பிரேக்டவுன் வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சீட்டு, அதில் இடம், பகலா இரவா, யார் யார், எத்தனை பக்கம் (ஒரு பக்கத்தை எட்டாகப் பிரித்து எண்ணுவோம்). சிக்கலே சீட்டுகளை எப்படி அடுக்குவது என்பதில்தான்.

எங்கள் கணக்கு இது: வீடு 16 பக்கம், மருத்துவமனை 8, கடை 8, தெரு 6. ஒரு நாளைக்கு 4 பக்கம் என்று வைத்துக்கொண்டோம். மகள் பாத்திரம் எல்லா நாளும் கிடைப்பார். அப்பாவாக நடித்தவர் தொடர்ச்சியாக 3 நாள்தான் கொடுத்தார். அவருக்கு வீட்டில் 7 பக்கம், மருத்துவமனையில் 4 பக்கம்.

முதலில் கால்ஷீட்டை வைத்து அடுக்கினோம். அப்பாவை மூன்று நாளில் முடித்து அனுப்பிவிடலாம், அடுத்து கடைக்காரர் வரும் இரண்டு நாள், பிறகு மிச்சம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சீட்டுகளில் இடத்தின் பெயரை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால் வீடு, மருத்துவமனை, கடை, மறுபடி வீடு, மறுபடி மருத்துவமனை, தெரு என்று வந்தது. அதாவது மூன்று தடவை இடம் மாற வேண்டியதற்கு ஐந்து தடவை. எந்த ஷெட்யூல் கையில் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: ஒரே இடத்தின் பெயர் விட்டுவிட்டு வருகிறதா?

ஏனென்றால் ஷிஃப்டிங் என்பது வண்டி ஓடும் நேரம் மட்டும் இல்லை. லைட்டைக் கழற்றி, ஏற்றி, இறக்கி, மறுபடி கட்டி முதல் ஷாட் எடுப்பதற்குள் எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுக்கு அரை நாள் போய்விடும். போன இடத்துக்கே திரும்பி வருவது இன்னும் மோசம், திரைச்சீலை எந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தது, மேஜை சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்று பழைய போட்டோக்களை வைத்துக்கொண்டு அறையைத் திரும்ப உருவாக்க வேண்டும், அப்படியும் ஏதோ ஒன்று மாறித்தான் இருக்கும். கூடுதலாக இரண்டு ஷிஃப்டிங் என்றால் எங்களுக்கு ஒரு நாள், அதாவது 4 பக்கம்.

சரி, லொகேஷன்படி அடுக்கினால் அப்பாவின் மூன்று நாள் சிதறாதா? சிதறும், ஒவ்வொரு இடத்துக்கு உள்ளேயும் வரிசையைக் கவனிக்காவிட்டால். அவருக்கு வேலை உள்ள இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வைத்து, முதல் இடத்தில் அவர் காட்சிகளைக் கடைசிக்கும், இரண்டாவது இடத்தில் முதலுக்கும் தள்ள வேண்டும். வீட்டில் 3, 4-ஆம் நாள், மருத்துவமனையில் 5-ஆம் நாள் என்று முதலில் எழுதினேன். அப்புறம்தான் தாடி ஞாபகம் வந்தது! மருத்துவமனையில் அவருக்கு ஒரு வாரத் தாடி, வீட்டில் மழித்த முகம். ஒட்டுத்தாடி வேண்டாம் என்று வரிசையையே திருப்பிப் போட்டோம்: மருத்துவமனை முதல் இரண்டு நாள், அவர் வருவது இரண்டாம் நாள். அன்று இரவு ஷேவ் செய்துவிட்டு 3, 4-ஆம் நாள் வீடு. அவர் கொடுத்த முதல் தேதிக்கு முந்தின நாளே படப்பிடிப்பு தொடங்கும் நாள் ஆனது.

இதில் ஒரு ஆபத்து உண்டு. அவருடைய மூன்று நாளுக்கு முன்னும் பின்னும் இடமே இல்லை, ஏதாவது தள்ளிப்போனால் அவர் கிடைக்க மாட்டார். அதனால் 4-ஆம் நாளில் அவருக்கு 3 பக்கம்தான் வைத்து, அவர் இல்லாத ஒரு பக்கத்தை நாளின் கடைசியில் போட்டோம். நேரம் போதாவிட்டால் அதை மறுநாளுக்குத் தள்ளலாம், வீட்டில் இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே.

கால்ஷீட் முறை ஜெயிக்கும் இடமும் இருக்கிறது. இப்படி நாள் குறைவாகக் கொடுத்தவர்கள் மூன்று நான்கு பேர் இருந்து, அவர்கள் தேதிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தால் இந்த ஓரம் சேர்க்கும் வித்தை பலிக்காது. தினச் சம்பளம் அதிகமுள்ள நடிகர் வேலையே இல்லாமல் காத்திருக்கும் நாளுக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தாலும் அப்படித்தான், அந்த நாட்களை எண்ணி ஷிஃப்டிங் செலவோடு வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஆர்ட் ஆட்கள் முன்கூட்டியே போய் அடுத்த இடத்தைத் தயார் செய்யும் பெரிய யூனிட்டில் என் அரை நாள் கணக்கு இவ்வளவு கனக்காது என்று நினைக்கிறேன். நான் வேலை பார்த்ததெல்லாம் ஒரே வண்டியில் எல்லாம் போகும் யூனிட்டுகளில்தான்.