ரெண்டு எஸ்எஸ்டி செத்த கதை: ஒண்ணு பூட்டிக்கிச்சு, இன்னொண்ணு காணாமப் போச்சு

மச்சான் ஹார்ட்வேர் கடைல நாலு கேமரா. தனியா ரெக்கார்டர் வாங்காம பில்லிங் போடுற கம்ப்யூட்டர்லயே ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தது நான்தான். 2022 மார்ச்ல ஒரு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கி அதை ரெக்கார்டிங்குக்குன்னே ஒதுக்குனேன், விண்டோஸ் வேற டிஸ்க்ல. கம்பெனி பேரு வேணாம், விலை கம்மியா கெடச்ச, ஒரே செல்லுல நாலு பிட்ட அடைக்கிற க்யூஎல்சி மாடல், அவ்ளோதான்.

சரியா 23 மாசம் ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் போன் பண்ணி "மாப்ள, நேத்து ரெக்கார்டிங்கே இல்லடா, ஆனா அதுக்கு முந்துன ரெண்டு நாளுது எல்லாம் இருக்கு"ன்னான். போய்ப் பாத்தா டிரைவ் தெரியுது, பழைய வீடியோ ஓடுது. இடம் இல்லாம இருக்கும்னு நெனச்சு பழசுல கொஞ்சம் டெலீட் பண்ணேன், போச்சு, எரர் கூட வரல. ரீஸ்டார்ட் பண்ணா டெலீட் பண்ணது எல்லாம் திரும்பி வந்து உக்காந்துருக்கு! ஒரு நிமிஷம் வைரஸோன்னு கூட நெனச்சேன். நடந்தது என்னன்னா, விண்டோஸ் தன்னோட மெமரில மாத்தி வச்சுக்கிட்டு நமக்கு மாத்தியாச்சுன்னு காட்டுது, டிஸ்க் அதை எழுதவே இல்ல, அதனால அடுத்த தடவ ஆன் பண்ணும்போது டிஸ்க்ல என்ன இருக்கோ அதுதான் வருது. இந்த மாதிரி அழிச்ச ஃபைல் உயிரோட திரும்பி வந்தா டிஸ்க் ரீட் ஒன்லிக்குப் போயிருக்கான்னுதான் முதல்ல பாக்கணும்.

டிஸ்க் தன் நெலமைய எண்ணி வைக்கிற ஸ்மார்ட் ரிப்போர்ட்ட, `smartctl -a` கூட டிஸ்க் பேரையும் சேத்துப் போட்டுப் பாத்ததுல முக்கியமானது இதான்:

```
Critical Warning:           0x09
Available Spare:            3%
Available Spare Threshold:  10%
Percentage Used:            131%
Data Units Written:         236,412,907 [121 TB]
```

முதல் வரில 9ங்கிறது 8ம் 1ம் சேந்தது. 1ன்னா ஸ்பேர் தீந்துட்டு வருது, 8ன்னா டிஸ்க் ரீட் ஒன்லிக்குப் போயிருச்சு. ஒவ்வொரு எஸ்எஸ்டிலயும் நமக்குக் காட்டாம கொஞ்சம் பிளாக்க ஒதுக்கி வச்சிருப்பாங்க, எழுதி அழிச்சு எழுதி அழிச்சு ஒரு பிளாக் தேஞ்சு போனா டிஸ்க்குக்குள்ள எல்லாத்தையும் நடத்துற கன்ட்ரோலர் சிப்பு அதை ஓரங்கட்டிட்டு ஸ்பேர்ல இருந்து ஒண்ண எடுத்துப் போடும். ஸ்பேரும் காலியாகப் போற நெலமைல, இனிமே எழுதுனா அதை நம்பி வைக்க எடம் இல்லன்னு கன்ட்ரோலர் கதவ சாத்திடும். படிக்கிறதுக்குப் புது பிளாக் வேணாம், அதனால படிக்க மட்டும் விடும். பழுதுன்னு சொல்றத விட அது கடைசியா பண்ற நல்ல காரியம்னுதான் சொல்லணும்.

தப்பு டிஸ்க் மேல இல்ல, என் கணக்குலதான். சரியாச் சொன்னா நான் கணக்கே போடல. ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ், நாலுக்கும் 16, அது பிட் கணக்கு, பைட்டாக்க எட்டால வகுத்தா செகண்டுக்கு 2 எம்பி. கேக்க ஒண்ணுமில்லாத மாதிரிதான் இருக்கு, ஆனா ராத்திரி பகல்னு நிக்காம ஓடுனா ஒரு நாளைக்கு 172 ஜிபிக்கு மேல வருது. டப்பால போட்டிருந்த எழுதுற ஆயுசு 100 டிபி, 580 நாள்ல அது முடிஞ்சிருச்சு, அதுக்கு மேல நாலு மாசம் ஓடுனது போனஸ். Percentage Used 100 தாண்டுனதும் டிஸ்க் நின்னுராது, அது கம்பெனி போட்ட கணக்கு தாண்டிடுச்சுன்னு மட்டும்தான் சொல்லுது. நான் தினமும் பாத்திருக்க வேண்டியது Available Spare, ரொம்ப நாள் 100லயே நிக்கும், எறங்க ஆரம்பிச்சா வேகமா எறங்கும்.

ரீட் ஒன்லி ஆனதும் நான் பண்ண முட்டாள்தனம் அந்த ரீஸ்டார்ட். 2013ல டெக் ரிப்போர்ட்ங்கிற தளத்துல ஆறு எஸ்எஸ்டிய சாகுற வரைக்கும் எழுத வச்சு ஒரு டெஸ்ட் ஆரம்பிச்சாங்க, அதுல இன்டெல் 335 சுமார் 700 டிபில ரீட் ஒன்லிக்குப் போயி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணதும் மொத்தமா போயிருச்சு. என்னோடது தப்பிச்சது அதிர்ஷ்டம். அணைக்காம அப்பவே காப்பி எடுக்கணும். அப்புறம் எடுத்துக்கலாம்னு டிராயர்ல போட்டு வைக்கிறதும் ஆகாது. மெமரி சிப்புக்கெல்லாம் தரம் வகுக்குற ஜெடெக் அமைப்போட விதிப்படி வீட்டு உபயோக எஸ்எஸ்டி தன் ஆயுசு முடிஞ்ச நெலமைல, கரன்ட் இல்லாம 30 டிகிரில ஒரு வருஷம் டேட்டாவ வச்சிருந்தா போதும். நம்ம ஊர் ஏப்ரல் மாச டிராயர்ல 30 டிகிரி எங்க இருக்கு? அதுவும் இது 131 பர்சன்ட் தேஞ்சது. ராத்திரியோட ராத்திரியா காப்பி போட்டேன், சில வீடியோ நடுவுல எரர் அடிச்சு நின்னுச்சு, மச்சான் கேட்ட சிமெண்ட் லோடு எறக்குன வீடியோ மட்டும் முழுசா கெடச்சிச்சு, கடை சண்டை தீந்துச்சு.

ரெண்டாவது கேஸ் என் வீட்டு டெஸ்க்டாப்ல. 240 ஜிபி சாட்டா, உள்ள தனியா டிராம் மெமரி சிப்பு இல்லாத டைப்பு, தேய்மானம் பாத்தா வெறும் 12 பர்சன்ட். ஒரு சாயங்காலம் கரன்ட் போய் வந்து போய் வந்துச்சு, யுபிஎஸ் பேட்டரி ஏற்கனவே செத்துக் கெடந்துச்சு. அடுத்து ஆன் பண்ணா பயாஸ்லயே டிஸ்க் இல்ல. கேபிள் மாத்தி, போர்ட் மாத்தி, வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன், அங்க ஒரு தடவ தெரிஞ்சிச்சு, ஆனா மாடல் பேரு வேற என்னமோ, சைஸ் 2 எம்பி!

இது தேய்மானம் இல்ல. நம்ம ஃபைல் எந்த பிளாக்ல இருக்குன்னு ஒரு பெரிய அட்டவணைய கன்ட்ரோலர் வச்சிருக்கும், எழுத எழுத அது மாறிக்கிட்டே இருக்கும். மாத்துற நேரம் பாத்து கரன்ட் போனா அட்டவண பாதில நின்னுரும், அடுத்த தடவ ஆன் ஆகும்போது கன்ட்ரோலரால அதைப் படிக்க முடியாம தன் ஃபர்ம்வேரையே முழுசா ஏத்தாம நிக்கும். அப்ப காட்டுறதுதான் அந்த வேத்துப் பேரும் 2 எம்பியும். டேட்டா பூரா சிப்புக்குள்ள அப்படியேதான் இருக்கு, வழி சொல்ல ஆள் இல்ல. சிப்பக் கழட்டிப் படிக்கலாமேன்னா அதுவும் லேசுல ஆகாது, கன்ட்ரோலர் கலைச்சுப் போட்டு, நெறைய மாடல்ல என்கிரிப்ட் பண்ணியும்தான் எழுதியிருக்கும்.

நான் பண்ணது இதான்: டேட்டா கேபிளக் கழட்டிட்டு பவர் மட்டும் குடுத்து அரை மணி நேரம் சும்மா விட்டேன், அப்புறம் 30 செகண்ட் பவரக் கழட்டி, மறுபடி அரை மணி நேரம். தொந்தரவு பண்ண ஆள் இல்லாதப்ப கன்ட்ரோலர் அட்டவணைய சரி பண்ணப் பாக்கும். முதல் சுத்துல ஒண்ணும் இல்ல, ரெண்டாவது சுத்துல பழைய பேரோட 240 ஜிபியா வந்துச்சு. ஆட்டம் போடாம காப்பி எடுத்தேன். பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி காணாமப் போச்சு, அந்தத் தடவ எத்தன அரை மணி நேரம் விட்டும் வரல. டிஸ்க் ஒரு எடத்துல மட்டும் கொதிக்குது, இல்ல சொருகுனா கம்ப்யூட்டரே ஆன் ஆகலன்னா இந்த வைத்தியமெல்லாம் வேணாம், அது போர்டுல ஷார்ட்டு.

ஸ்மார்ட்ல எல்லாம் பச்சையா இருந்துச்சேன்னு கேப்பீங்க. அது தேய்மானத்த எண்ணும், கன்ட்ரோலர் எப்ப மண்டையப் போடும்னு அதுக்கே தெரியாது. 2019 நவம்பர்ல ஹெச்பிஇ கம்பெனியே ஒத்துக்கிட்ட கேஸ் ஒண்ணு உண்டு, அவங்க சர்வர்ல போட்ட சில சாஸ் எஸ்எஸ்டி 32,768 மணி நேரம் ஓடுனதும் ஃபர்ம்வேர் கோளாறால செத்துரும், அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். ஒரே நாள்ல வாங்கி ஒண்ணா ஓட விட்ட டிஸ்க் எல்லாம் ஒண்ணாவே போகும், அப்ப ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்னு பல டிஸ்க்க சேத்து ரெய்டு போட்டும் என்ன பிரயோஜனம்.

இப்ப கடைல ரெக்கார்டிங் பூரா 2 டிபி சர்வைலன்ஸ் ஹார்ட் டிஸ்க்ல, விண்டோஸும் பில்லிங்கும் மட்டும் எஸ்எஸ்டில. 14 மாசம் ஆச்சு, Percentage Used 2, Available Spare 100. யுபிஎஸ் பேட்டரிய மட்டும் மச்சான் இன்னும் மாத்தல, கேட்டா அடுத்த மாசம்ங்கிறான்.