முகத்துவாரம் விட்டால்தான் சந்தை: பழவேற்காட்டில் ஆறு வருட அனுபவம்

பழவேற்காட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். நாலு பேர் தொழிலுக்குப் போவோம். ஆறு வருடமாக செல்போனில் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கை, இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் அலை அறிவிப்பு, சென்னைத் துறைமுகத்து ஏற்றவற்ற நேரம், சென்னை காசிமேட்டு மீன் விலை எல்லாவற்றையும் பார்த்துத்தான் இறங்குகிறேன். எது எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன்.

எங்கள் ஊரில் கடலுக்கு வழி ஏரியின் முகத்துவாரம் ஒன்றுதான். கோடையில் மணல் அடைத்துவிடும், மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் வந்து அகலப்படுத்தும். அதனால் ஏற்ற நேரத்தை முதலில் பார்ப்பேன். அமாவாசை, பௌர்ணமியில் சென்னைக் கணக்குப்படி காலை, இரவு இரண்டு வேளையும் எட்டு மணியை ஒட்டி ஏற்றம். அப்புறம் நாளுக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அட்டமி நவமியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பெரிய வித்தியாசமே இருக்காது, படகு மணலில் உரசிக்கொண்டுதான் போகும்.

அட்டவணையில் ஒரு குறை உண்டு. அது துறைமுகத்துக்குப் போட்டது, எங்கள் முகத்துவாரத்துக்கு இல்லை. வெளியே கடல் ஏற ஆரம்பித்த பிறகும் ஏரித் தண்ணீர் இங்கே ஒரு மணி நேரம் போல வெளியேதான் இழுக்கும். மழை பெய்து ஏரி நிரம்பியிருந்தால் இன்னும் கூடுதலாக இழுக்கும். இது எந்த ஆப்பிலும் வராது. கரையில் நின்று, மிதக்கும் குப்பை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

எச்சரிக்கையில் நான் முதலில் செய்த தப்பு, காற்றை மட்டும் பார்த்தது. 45 கிலோமீட்டர் வேகம், 55 கிலோமீட்டர் வேகம் என்று வந்தால் யாரும் போக மாட்டோம், அதில் குழப்பம் இல்லை. ஒரு நாள் காற்றே இல்லை, கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. உயர அலை என்று இன்காய்ஸ் அறிவிப்பு வந்திருந்தும், இதென்ன என்று போய்விட்டேன். பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பும்போது முகத்துவாரத்தில் வற்றம். ஏரித் தண்ணீர் வெளியே பாய்கிறது, எங்கேயோ தூரத்துப் புயல் தள்ளிவிட்ட நீள அலை உள்ளே வருகிறது. இரண்டும் மோதும் இடத்தில் அலை சுவர் மாதிரி எழும்பி உடைந்தது. படகு கவிழ்ந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை, வலையும் பாதி மீனும் போச்சு. அதிலிருந்து அலை உயரத்தோடு, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை விநாடி என்பதையும் பார்க்கிறேன். ஏழு எட்டு விநாடி என்றால் உள்ளூர்க் காற்று கிளப்பியது. பதினாலு பதினைந்து என்றால் உயரம் ஒரு மீட்டரே இருந்தாலும் வற்றத்தில் முகத்துவாரத்தைத் தொட மாட்டேன். கடலில் காத்திருந்து ஏற்றத்தில்தான் உள்ளே வருவேன்.

விலை மூன்றாவதுதான். காசிமேட்டில் ஞாயிறு விடியற்காலைதான் நல்ல விலை. புரட்டாசியில் அதுவும் இறங்கிவிடும். விசைப்படகுக்குத் தடை இருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் மாதிரி சின்னப் படகு மீனுக்கு மவுசு. பௌர்ணமி வெள்ளிக்கிழமை விழுந்தால் எனக்கு யோகம். சனி காலை ஒன்பதை ஒட்டிய ஏற்றத்தில் வெளியே போய், இரவு ஒன்பதை ஒட்டிய ஏற்றத்தில் உள்ளே வந்து, ஐஸ் போட்டு வண்டி ஏற்றினால் ஏலத்துக்கு மீன் புதுசாகப் போகும். அதுவே அட்டமி வாரத்துச் சனி என்றால் ஏற்றம் இரவு இரண்டு, பகல் இரண்டு என்று வரும். பகலில் வந்த மீன் நள்ளிரவு வரை ஐஸில் கிடக்கும், வஞ்சிரத்தின் கண் மங்கிவிடும். அந்த வாரங்களில் காசிமேட்டு ஆசையை விட்டு, குறைந்த விலைக்கு ஊர் ஏலத்திலேயே தள்ளிவிடுகிறேன். ஐஸ் செலவும் வண்டி வாடகையும் கழித்துப் பார்த்தால் பெரிய நஷ்டமில்லை. “அண்ணே, இன்னைக்கு விலை ஏறியிருக்கு, சீக்கிரம் வாங்க” என்று வியாபாரி அனுப்பும் செய்தியை நான் கடலில் படிப்பதே இல்லை. வற்றத்தில் உள்ளே நுழையச் சொல்வதும் அதுவும் ஒன்றுதான்.

கடலுக்குப் போக முடியாத நாட்களில் ஏரி இருக்கிறது. ஆனால் இறால் வலை கட்ட நினைத்தவன் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. அது பாடு முறை, சீட்டுப் போட்டு முறை வைத்து இடம் கிடைக்கும். மழைத் தண்ணீர் இறங்கியதும் இறால் கடலைத் தேடி வெளியேறும். அமாவாசை வற்றத்தில் அந்த இடம் என் முறைக்கு அமைந்தால் ஒரு ராத்திரியில் கடலில் கிடைப்பதைத் தாண்டிவிடும். முறை இல்லாத நாளில் கரையோரமாக நண்டு வலை. இடி இடித்தால் அதுவும் கிடையாது, ஏரியில் நம்மைவிட உயரமாக எதுவும் இல்லை. அன்றைக்கு வீட்டில் வலை பொத்துவேன். போன கார்த்திகையில் தொடர்ந்து ஐந்து நாள் அதுதான் வேலை. ஆறாம் நாள் கடல் அடங்கியதும் வலை தயாராக இருந்தது, ஏற்றம் மட்டும் இரவு ஒன்றரைக்கு.