இலவச அளவைத் தாண்டியதும் ₹11,894 எடுத்துக்கொண்டார்கள். பழைய திட்டத்துக்கு இறங்கினால் டேட்டாவுக்கும் ஆபத்து

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன், கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். சொந்த டொமைனில் ஆபீஸ் மெயிலும் ஃபைல் சேமிப்பும் சேர்த்துத் தரும் இலவசத் திட்டம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? முழுசாகப் படியுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. வெளிநாட்டு நிறுவனம், இந்தியாவில் வசூலுக்கு மட்டும் ஒரு கிளை. அவ்வளவு போதும்.

ஈரோட்டில் ஜிஎஸ்டி, வருமான வரி தாக்கல் செய்து கொடுக்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. நான்கு மெயில் பெட்டிகள், நான்குக்கும் பொதுவாக 30 ஜிபி இடம், கட்டணம் இல்லை. சேர்ந்தபோது அவர்கள் ஆள் போனில் பேசினார். "மேடம், அக்கவுன்ட் வெரிஃபிகேஷனுக்கு யுபிஐயில் 2 ரூபாய் மட்டும் போகும், அதுவும் திரும்ப வந்துவிடும்" என்றார். வந்தும் விட்டது. அந்த 2 ரூபாய் சொன்னபடி திரும்பி வந்ததால்தான் இவர்கள் மேல் நம்பிக்கையே வந்தது. அவர்கள் பக்கத்தில் '₹2 வெரிஃபிகேஷன்' என்று இருந்தது. ஆனால் யுபிஐ ஆப்பில் உருவானது ஒரு ஆட்டோபே மேண்டேட், அதாவது நம் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ள அவர்களுக்கு நாம் கொடுக்கும் அனுமதி. அதன் உச்சவரம்பு ₹15,000, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகை. பொதுவாக ₹15,000 வரைக்கும் ஒவ்வொரு முறையும் பின் நம்பர் கேட்க வேண்டியதில்லை என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த விதியின் ஓரம் வரை அளந்து வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் கடைசி. வரி தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு 30ஆம் தேதி என்பதால் ஸ்கேன் செய்த பில்லும் பேங்க் ஸ்டேட்மென்டும் மலையாகக் குவியும் நேரம். ஒரு நாள் காலையில் பேங்கிலிருந்து மெசேஜ்: ₹11,894.40 டெபிட். பெயரைப் பார்த்தால் நாங்கள் கேள்விப்படாத ஏதோ கம்பெனி. அதுதான் அந்த வசூல் கிளை என்பது பிறகு தெரிந்தது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும், வந்தும் இருக்கிறது; அதே அறியாத பெயரில், எதற்கு என்ற ஒரு வார்த்தை இல்லாமல், ராத்திரி நேரத்தில்.

பில்லை இறக்கிப் பார்த்தேன். ஒரு பெட்டிக்கு மாதம் ₹210, நான்கு பெட்டி, பன்னிரண்டு மாதம், ஆக ₹10,080. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ₹1,814.40. வருடக் கட்டணம் மொத்தமாக ஒரே அடியில். மாதக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் எங்களைக் கேட்கவில்லை. காரணமாக எழுதியிருந்தது: 'சேமிப்பு அளவு கடந்தது, சேவை தடைபடாமல் இருக்க மேம்படுத்தப்பட்டது'. எவ்வளவு அக்கறை பாருங்கள்.

அப்புறம் சேமிப்புப் பக்கத்தைத் திறந்தோம். மெயில் 9.2 ஜிபி, ஃபைல்கள் 17.4 ஜிபி, 'மற்றவை' 3.9 ஜிபி. கூட்டினால் 30.5. அந்த மற்றவை என்னவென்று தோண்டியதில், குப்பைத் தொட்டியில் கிடந்தவையும் ஃபைல்களின் பழைய பதிப்புகளும். ஒரு ஜவுளிக் கடைக்காரரின் கணக்கு எக்செல் ஃபைல் 22 எம்பி இருக்கும். எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் அதை நாள் முழுக்க திறந்து திறந்து சேமிக்கிறாள். சேமிக்கும் ஒவ்வொரு முறையும் மாறின நாலு வரியை மட்டும் இவர்கள் வைப்பதில்லை, முழு 22 எம்பியையும் இன்னொரு பிரதியாக வைக்கிறார்கள். அந்த ஒரே ஃபைல் 1 ஜிபிக்கு மேல் தின்றிருந்தது. நாங்கள் கண்ணால் பார்க்கிற சரக்கு 26.6 ஜிபிதான். கண்ணுக்குத் தெரியாததையும் கூட்டி எல்லையைத் தாண்ட வைத்து ₹11,894 எடுத்திருக்கிறார்கள்.

இலவச அளவு தீர்ந்தால் என்ன ஆகும் என்று நம்மில் பலரும் நினைப்பது கூகுளில் பார்த்துப் பழகியதை வைத்து. அங்கே சாதாரணக் கணக்கில் இடம் தீர்ந்தால் புதிதாக எதுவும் ஏற்ற முடியாது, மெயில் வராது, இரண்டு வருடம் எல்லைக்கு மேலேயே விட்டுவைத்தால் அழிக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் கேட்காமல் பணம் எடுப்பதில்லை. இங்கே நேர்மாறு.

சப்போர்ட்டில் சாட் திறந்தேன். முதலாவது ஆள், 80, 90 சதவீதத்தில் எச்சரிக்கை அனுப்பினோம் என்றார். எங்கே? அட்மின் என்ற பெயரில் சேரும்போது அவர்களே உருவாக்கிய பெட்டிக்கு. அதை யாரும் திறப்பதில்லை என்று அவர்கள் லாகிலேயே தெரியும். இரண்டாவது ஆள், நிபந்தனைகளில் 'சேவைத் தொடர்ச்சி' பகுதியைப் படியுங்கள் என்று லிங்க் கொடுத்துவிட்டு சாட்டை மூடிவிட்டார். மூன்றாவது ஆள் போனில் வந்தார், பேச்சு மட்டும் தேன். "மேடம், நீங்க முதல்ல இலவசத் திட்டத்துக்கு டவுன்கிரேடு பண்ணிடுங்க. அப்பதான் ரீஃபண்ட் ரெக்வெஸ்ட்டை நான் மேல அனுப்ப முடியும்." நிறுவனத்தின் ஆள் நிறுவனத்தின் நடைமுறையைச் சொல்கிறார், செய்தோம்.

இந்த இடம்தான் இந்தப் பதிவின் முக்கியமே.

டவுன்கிரேடு செய்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? இல்லை. எங்களுடைய 30 ஜிபி திட்டம் பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் விட்டுவைத்தது. இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்கு 15 ஜிபிதான். நம்மை மேலே ஏற்றிய நொடியில் பழைய சலுகை காலாவதி. கீழே இறங்கினால் புது ஆளாகத்தான் இறங்குவோம். கையில் 26.6 ஜிபி, இடம் 15 ஜிபி. ஒரே கிளிக்கில் 11.6 ஜிபி 'அதிகப்படி' ஆகிவிட்டது. இதை அந்த உறுதி செய்யும் திரையில் சொல்லவில்லை. 'உங்கள் திட்டம் மாற்றப்படும், சில வசதிகள் குறையலாம்' என்று மட்டும் இருந்தது.

குறைந்த அந்தச் சில வசதிகள் இவை. பழைய பதிப்புகளும் குப்பைத் தொட்டியும் உடனே காலி. ஜவுளிக் கடைக்காரரின் முந்தின வார ட்ரையல் பேலன்ஸ் தேவைப்பட்டபோது அது இல்லை. வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் பகிர்ந்திருந்த ஃபோல்டர் லிங்குகள் செத்துப்போயின. ஐமேப் நிறுத்தப்பட்டது, அதாவது தண்டர்பேர்ட் மாதிரி ஒரு மென்பொருளில் இணைத்து மெயில் முழுவதையும் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் வழி அடைபட்டது. டேட்டாவைக் குறைக்கச் சொல்லிவிட்டு, அதை வெளியே எடுக்கும் கதவை மூடிவிட்டார்கள்.

அதிகப்படி இருக்கும்வரை எல்லாப் பெட்டிகளும் படிக்க மட்டும்தான். அனுப்பவும் முடியாது, வரவும் வராது. 30 நாளுக்குள் 15 ஜிபிக்குக் கீழே வராவிட்டால் 'கணினி தேர்வு செய்யும்' உள்ளடக்கத்தை அழிப்பார்களாம். பழையதையா, பெரியதையா, மெயிலையா, ஃபைலையா என்று கேட்டால் பதில் இல்லை.

மெயில் நின்றது எங்களுக்கே தெரியவில்லை. பெட்டி அமைதியாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய பிறகுதான் புரிந்தது. அவருக்குத் திரும்பிப் போன மெயிலில் `552 5.2.2` என்று இருந்தது. பெட்டி நிரம்பிவிட்டது, இனி முயல வேண்டாம் என்று அனுப்பியவரின் சர்வருக்குச் சொல்லும் குறி. 4 என்று தொடங்கும் குறி வந்தால் சர்வர் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அனுப்பிப் பார்க்கும். 5 என்றால் கதை முடிந்தது, பிறகு இடம் காலியானாலும் அந்த மெயில் தானாக வராது. வருமான வரி போர்ட்டலில் எங்கள் மெயில் முகவரியைப் பதிந்திருப்பவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வொருவர் கணக்காக உள்ளே போய் நோட்டீஸ் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியதாயிற்று. கெடு நெருங்கும் நேரத்தில்.

டேட்டாவை இறக்குவது தனிக் கூத்து. ஏற்றுமதி கேட்டால் 2 ஜிபி 2 ஜிபியாக ஜிப் ஃபைல் தருகிறார்கள், லிங்க் ஒரு வாரத்தில் செத்துவிடும். விண்டோஸில் விரித்தால் பாதியில் நிற்கிறது. "அக்கா, இது வரமாட்டேங்குது" என்று எங்கள் பெண் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், ஒவ்வொன்றுக்கும் கடையின் முழுப் பெயர், வருடம், மாதம். மொத்தப் பாதை 260 எழுத்தைத் தாண்டியதும் விண்டோஸ் மறுத்துவிடுகிறது. டி டிரைவில் ஓரெழுத்துப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் விரித்தபோது வந்தது. விரித்த பிறகு ஃபைல் எண்ணிக்கையை இணையத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அங்கே அழித்தோம். அழித்தாலும் மீட்டர் உடனே இறங்காது, ஒரு நாளுக்கு மேல் பழைய கணக்கையே காட்டிக்கொண்டிருந்தது. அதுவரை மெயில் வராது.

இவ்வளவும் ஆன பிறகு ரீஃபண்ட்? 'சேவை ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று மறுத்துவிட்டார்கள். மீதி மாதங்களுக்கான தொகை அவர்கள் வாலட்டில் வரவாக இருக்குமாம். அதை வைத்து என்ன வாங்கலாம்? அதே திட்டத்தை. பேங்கில் கேட்டால், மேண்டேட் நீங்கள் பின் போட்டு ஒப்புக்கொண்டது, செல்லும் என்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். சந்தாப் பொறியில் மாட்டிவிடுவதைத் தடை செய்து 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது, அதைக் குறிப்பிட்டிருக்கிறேன். நிறுவனத்தின் பதில்: நீங்கள் வணிகப் பயனர், நுகர்வோர் இல்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்று பதில் போட்டேன். அதன்பிறகு சத்தமே இல்லை. ₹11,894 அங்கேயே இருக்கிறது.

விரிவாக எழுத நினைத்தேன், வேலை கிடக்கிறது. இப்போதைக்கு இவ்வளவு. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து ஒவ்வொரு மேண்டேட்டின் உச்சவரம்பையும் பாருங்கள், தெரியாத பெயர் இருந்தால் ரத்து செய்யுங்கள். மேண்டேட்டை ரத்து செய்தால் திட்டம் ரத்தாகாது, நிறுவனத்தின் தளத்திலும் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்த வேண்டும். பணம் ஏற்கெனவே போயிருந்தால், ரீஃபண்ட் தருவோம் என்று யார் சொன்னாலும் எழுத்தில் வராமல் டவுன்கிரேடு பட்டனைத் தொடாதீர்கள். புதுப்பிப்பை மட்டும் நிறுத்திவிட்டு, பணம் கட்டிய காலம் முடிவதற்குள் ஐமேப் வழியாக மெயிலையும் ஜிப்பாக ஃபைல்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். இறங்கும் திட்டத்தில் இன்றைக்கு எத்தனை ஜிபி என்று முதலில் பாருங்கள், நீங்கள் சேர்ந்தபோது இருந்தது எத்தனை என்று அல்ல. குப்பைத் தொட்டியையும் பழைய பதிப்புகளையும் அவ்வப்போது காலி செய்யுங்கள்.

1915இலிருந்து பதில் வந்தால் கீழே சேர்க்கிறேன். இதே மாதிரி வாலட் வரவைப் பணமாகத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.