பதினைந்தால் வகுக்கிற நம்பிக்கை: அடாப்டிவ் சிம்ப்சனோடு ஆறு வருடம்

டர்பனில் மழைநீர் வடிகால் கணக்குப் போடுவது என் வேலை. தொகையீட்டுக்கு, அதாவது ஒரு வளைவின் கீழுள்ள பரப்பைத் துண்டு துண்டாகக் கூட்டுவதற்கு, நானே எழுதிய ஓர் அடாப்டிவ் சிம்ப்சன் நிரலை ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். கஞ்சத்தனமான நிரல், அதனால்தான் பிடித்தது. வளைவு அமைதியாக ஓடும் இடத்தை அகலமான துண்டோடு முடித்துவிடும். நெளியும் இடத்தை மட்டும் பாதி பாதியாக வெட்டும். பழைய மதிப்புகள் கையில் இருப்பதால் ஒரு துண்டைச் சோதிக்க இரண்டே புதிய மதிப்புகள் போதும். என் மாடல் ஒரு மதிப்பு தரவே அரை நிமிடம் எடுக்கும்.

ஒரு துண்டின் விடை `whole`, அதன் இரு பாதிகளின் விடைகள் `left`, `right`, நான் பொறுத்துக்கொள்ளும் பிழை `tol`. எங்கே நிறுத்துவது என்பது இந்த வரிகளில் இருக்கிறது:

```python
d = left + right - whole
if abs(d) <= 15*tol:
    return left + right + d/15
```

நிபந்தனை தேறாவிட்டால் இரு பாதிகளுக்கும் பாதி `tol` கொடுத்து மறுபடி அதே வேலை. துண்டைப் பாதியாக்கினால் பிழை பதினாறில் ஒரு பங்காகும் என்ற நம்பிக்கையில் வந்ததுதான் அந்த 15. வளைவு வழவழப்பாக இருந்தால் நம்பிக்கை பலிக்கும்.

நான் மாட்டியது ஒரு சுவர்ப் பிளவில். ஆழத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப நீரின் வேகம் கூடும். அதை 0 முதல் 1 மீட்டர் வரை கூட்ட வேண்டும். சரியான விடை 0.66667. முழுத் துண்டு 0.63807 தந்தது, இரு பாதிகள் சேர்ந்து 0.65653. வித்தியாசம் 0.01846, பதினைந்தால் வகுத்தால் 0.00123. `tol` 0.002 என்று வைத்திருந்தேன், நிரல் 0.65776 என்று சொல்லி நின்றுவிட்டது. உண்மையான பிழை 0.0089! மேற்பரப்பில் வளைவு செங்குத்தாகக் கிளம்புகிறது. அங்கே பாதியாக்கினால் பிழை 2.83 மடங்குதான் குறையும், 16 மடங்கு அல்ல. `tol`-ஐ இறுக்கினால் விடை வரும், ஆனால் இடது ஓரத்தையே வெட்டிக்கொண்டிருக்கும். ஆழத்தை t² என்று மாற்றி எழுதியதும் உள்ளே 2t² மட்டும் மிஞ்சியது, சிம்ப்சனுக்கு அது முதல் அடியிலேயே துல்லியம். இதற்கு ஒரு நாள் முழுக்க முட்டிக்கொண்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் ஒரு கோடை மழை. எங்கள் ஊர் இடிமழை மதியத்துக்கு மேல்தான் வரும். வடிகாலில் 13 மணிக்குத் தண்ணீர் வந்து 17 மணிக்குள் வடிந்துவிட்டது. நிரல் பார்த்தது 0, 6, 12, 18, 24 மணிகளை. எல்லாம் சுழியம், `d` சுழியம், அன்றைக்கு வெள்ளமே இல்லை என்று விடை. பிழை மதிப்பீடு பார்த்த புள்ளிகளை வைத்துத்தான் பேசும். இங்கே `tol`-ஐ எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. விடை மிகச் சுத்தமாக, மிகச் சீக்கிரமாக வந்தால் இப்போதெல்லாம் சந்தேகப்படுகிறேன்.

முழு நாளையும் மணிக்கு ஒரு துண்டாக முதலிலேயே நறுக்கிப் பார்த்தேன். 97 மதிப்புகள், கிட்டத்தட்ட 50 நிமிடம். இப்போது மழைமானியில் மழை தொடங்கிய நேரத்தில் ஒரே ஒரு வெட்டு போடுகிறேன். 13 முதல் 24 வரையிலான துண்டின் கால் புள்ளி 15.75 மணியில் விழுகிறது, அங்கே தண்ணீர் இருக்கிறது. ஆரம்பத்துக்கு 9 மதிப்புகள் போதும், மிச்சத்தை நிரலே வெட்டிக்கொள்கிறது.