ஐடி கார்டு மென்பொருளின் ஆட்டோ க்ராப்: இரண்டு கல்வியாண்டு ஓட்டிய பிறகு

கார்டு பிரிண்டரோடு வரும் டிசைன் மென்பொருளின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் கேட்டார். டேட்டா ஷீட் இணைப்பது, பார்கோடு போடுவது எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்கிறது. பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: முகத்தைக் கண்டுபிடித்து தானாக க்ராப் செய்யும் வசதி. அது உச்சந்தலையை வெட்டுகிறது.

மென்பொருள் "முகம்" என்று பிடிப்பது நெற்றியின் நடுவிலிருந்து தாடை வரைதான். முடி அந்தக் கட்டத்துக்குள் வராது. மேலே 15% இடம் விடு என்று நாம் சொன்னால், அது நெற்றியிலிருந்து 15% விடுகிறது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு முடி மேல்விளிம்பில் நேர்கோடாக வெட்டுப்பட்டு நிற்கும். பூ வைத்த பிள்ளைகளுக்குப் பூவே இருக்காது.

ஒரு படத்தை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். போன் படம் 3000×4000 பிக்சல். முடியின் உச்சி மேலிருந்து 1000-இல், தாடை 2300-இல். ஆக தலை 1300 பிக்சல். கார்டில் போட்டோ கட்டம் 20×25 மி.மீ. மென்பொருள் பிடித்த முகக்கட்டம் 1450 முதல் 2300 வரை, அதாவது 850. போட்டோ கட்டத்தின் உயரத்தில் முகம் 60%, மேலே 15% என்பது அதில் வரும் இயல்பு அமைப்பு. அந்தக் கணக்கில் க்ராப்பின் உயரம் சுமார் 1417 ஆகிறது, மேல்விளிம்பு 1238-இல் விழுகிறது. உச்சி இருப்பதோ 1000-இல். அச்சில் 4 மி.மீ.க்கு மேல் தலை காணாமல் போகிறது.

கையால் செய்தால் இப்படி வரும். தலை, கட்டத்தில் 65% இருக்கட்டும். 1300-ஐ 0.65-ஆல் வகுத்தால் உயரம் 2000. கட்டம் 4:5 என்பதால் அகலம் 1600. உச்சிக்கு மேல் 10%, அதாவது 200 பிக்சல் விட்டால் க்ராப் 800-இல் தொடங்கி 2800-இல் முடியும். அச்சில் தலைக்கு மேல் 2.5 மி.மீ., தாடைக்குக் கீழே காலரும் தோளும் தெரிய 6 மி.மீ. சொச்சம். மேலே 2.5-க்குக் குறைக்காதீர்கள். முன்பே பார்டர் அச்சடித்த கார்டு என்றால், பிரிண்டர் அரை மி.மீ. நகர்த்தினாலும் உச்சி பார்டரில் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும்.

இதே அளவை மென்பொருளிடமிருந்தே வாங்கலாம். முகம் 42%, மேலே 32% என்று மாற்றுங்கள். மேற்சொன்ன படத்தில் மேல்விளிம்பு 800-ஐ ஒட்டியே வரும். மொட்டைத் தலைக்கு மேலே 4 மி.மீ. வரை காலி இருக்கும், அது உறுத்தாது. உயரக் கொண்டை, தலைப்பாகை இரண்டையும் மட்டும் தனியே பார்க்க வேண்டும். கொண்டையின் நுனி விளிம்பைத் தொட்டால் பரவாயில்லை, மண்டையின் உச்சி உள்ளே இருந்தால் போதும். தலைப்பாகையை முழுதாக உள்ளே கொண்டுவாருங்கள்.

தள்ளி எடுத்து வெட்டினால் படம் மங்கும் என்று பயப்படுகிறார்கள். 300 டிபிஐ-யில் இந்தக் கட்டத்துக்கு வேண்டியது 236×295 பிக்சல்தான். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த 1200×1600 படத்தை மேற்சொன்ன விகிதத்தில் வெட்டினாலும் 640×800 கிடைக்கிறது, தாராளம். நெருக்கி எடுத்த படத்துக்குத்தான் வழியில்லை. தலைக்கு மேல் பிக்சலே இல்லாதபோது மென்பொருள் வெள்ளைப் பட்டை ஒன்றை ஒட்டிவிடும், பின்னணி லேசான நீலமாக இருந்தால் அது அப்பட்டமாகத் தெரியும். எடுக்கும்போதே தலைக்கு மேல் ஒரு சாண் விட்டு, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, கேமராவைக் கண் உயரத்தில் பிடித்து எடுங்கள்.

பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கண்மட்டத்தை இது பிடிக்கும் அழகுக்கு ஈடில்லை. தலை சாய்ந்திருந்தால் நேராக்கிவிடும். ஒரு வகுப்பின் அறுபது கார்டுகளைப் பரப்பினால் எல்லார் கண்ணும் ஒரே கோட்டில் இருக்கும். கையால் அப்படிச் செய்ய ஒரு நாள் போகும்.

ஆனால் அந்த 42, 32 டெம்ப்ளேட்டோடு சேமிக்கப்படுவதில்லை. புது டெம்ப்ளேட் திறந்தால், அப்டேட் வந்தால், மறுபடி 60, 15. முன்னோட்டத்தில் படம் கட்டைவிரல் நகம் அளவே தெரிவதால் கவனிக்காமல் பேட்ச் போய்விடும். பிரிண்டரின் வண்ண ரிப்பனில் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு செட் முழுதாகத் தீரும், பாழான கார்டில் அதைத் திரும்பப் பெற முடியாது. அதனால் முதல் மூன்று கார்டை வெள்ளைத்தாளில் 100% அளவில் எடுத்து, ஸ்கேல் வைத்து உச்சிக்கு மேல் அளந்த பிறகே பிவிசி கார்டில் போட வேண்டியிருக்கிறது.

இரண்டு எண்ணைச் சேமித்து வைக்கத் தெரியாத மென்பொருளுக்கு, குறைந்த இந்த விலையும் அதிகம். வாங்க வேண்டாம்.